சோப்பு உறையில் இருக்கும் 76 எதை அளக்கிறது?

குளியல் சோப்பு வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இப்போது நிறையப் பேரிடம் வந்திருக்கிறது. பெரும்பாலும் எல்லோரும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: டி.எஃப்.எம். எவ்வளவு? 76-ம் அதற்கு மேலும் இருந்தால் தோலுக்கு நல்லது, குறைந்தால் தோலைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்கள் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் முதலில் இருக்கும் சோப்பை வாங்கிப் போட்டு, குளித்த கால் மணி நேரத்தில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் பூத்து அரிக்கிறது என்பவர்கள் இருக்கிறார்கள். தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த கட்டியில் டி.எஃப்.எம். பற்றிய பேச்சே இல்லாமல் 'பேதிங் பார்' என்று மட்டும் இருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த எண் பொய் சொல்லவில்லை. அது அளப்பது ஒன்று, நாம் அதனிடம் கேட்பது இன்னொன்று.

டி.எஃப்.எம். என்பது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடிக்கும் முறையைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். சோப்பை எடை போட்டு, சீவி, வெந்நீரில் கரைப்பார்கள். அதில் கந்தக அமிலம் போன்ற ஒரு வலுவான அமிலத்தைச் சேர்ப்பார்கள். சோப்பு என்பது கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்த உப்பு. வலுவான அமிலம் வந்ததும் சோடியம் கழன்றுகொள்ள, கொழுப்பு அமிலம் தனியாகப் பிரிந்து எண்ணெய்ப் படலமாக மேலே மிதக்கும். அதை ஈதர் போன்ற கரைப்பானில் வடித்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சியதை எடை போட்டால் வருவதுதான் அந்த எண். 100 கிராம் சோப்பிலிருந்து 76 கிராம் கிடைத்தால் டி.எஃப்.எம். 76 சதவீதம்.

இந்த வேலையில் எந்த இடத்திலும் தோல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கொழுப்பு எந்த எண்ணெயிலிருந்து வந்தது என்பதையும் இந்தச் சோதனை கேட்பதில்லை. சோப்பில் எவ்வளவு சோப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2888 என்ற தரவரையறை இந்த எண்ணை வைத்துத்தான் 'டாய்லெட் சோப்' எனப்படும் குளியல் சோப்புகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. இதற்கு வெளியே 'பேதிங் பார்' என்று தனியாக ஒரு வகை உண்டு. அதற்கு ஐ.எஸ். 13498 என்ற வேறு தரவரையறை. அதில் குறைந்தபட்ச டி.எஃப்.எம். 40 இருந்தால் போதும், ஏனென்றால் அதில் சோப்பு அல்லாத வேறு அழுக்கு நீக்கிகளும் சேரலாம். ஆக, நான்காம் தரம் என்று ஒன்று கிடையாது. பேதிங் பாரை நான்காம் தரச் சோப்பு என்று பட்டியலின் அடியில் தள்ளுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

76 என்றால் மீதி 24 என்ன என்ற கேள்வி வரும். 24 சதவீதமும் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். ஈரமே இல்லாத சுத்தமான சோப்பை எடுத்துச் சோதித்தாலும் டி.எஃப்.எம். 92 அளவில்தான் வரும், ஏனென்றால் சோப்பின் எடையில் சோடியத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அப்படியென்றால் 76ஐ 0.92ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 83 வருகிறது. 100 கிராம் முதல் தரக் கட்டி ஒன்றில் 83 கிராம் உண்மையான சோப்பு. மிச்சம் இருக்கும் 17 கிராமில் பெரும்பகுதி தண்ணீர். அப்புறம் வாசனை, நிறம், வெண்மைக்கான டைட்டானியம் டை ஆக்சைடு, கொஞ்சம் சமையல் உப்பு, கொஞ்சம் கிளிசரின். தண்ணீர் இல்லாமல் சோப்பைக் கட்டியாக அழுத்த முடியாது, உடைந்துவிடும்.

இதையே 60க்குப் போட்டால் 65 கிராம் சோப்பு, 35 கிராம் மற்றவை. அந்த இடத்தை டால்க், வெண்களிமண், மாவுப்பொருள், சோடியம் சிலிக்கேட் போன்றவை நிரப்பலாம், அல்லது கூடுதல் தண்ணீரே நிரப்பலாம். பாமாயில் விலை ஏறும்போது நிறுவனங்களுக்கு முதலில் கை வைக்கத் தோன்றும் இடம் இதுதான். அந்த வகையில் டி.எஃப்.எம். வாங்குபவருக்கு மிகவும் உபயோகமான எண். கொடுத்த காசுக்கு எவ்வளவு சோப்பு கிடைத்தது, கட்டி எத்தனை நாள் வரும், சோப்புப் பெட்டியில் சொதசொதவென்று கரையுமா, பாதி தேய்ந்ததும் விண்டு போகுமா என்பதையெல்லாம் அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு சாதாரணச் சோப்புகளை விலைக்காக ஒப்பிட்டால் நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்த எண் எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 100 கிராம் எடையுள்ள இரண்டாம் தரச் சோப்பு, டி.எஃப்.எம். 70. அதை அலமாரியில் சில மாதம் வைத்துவிடுகிறோம், 8 கிராம் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. இப்போது எடை 92 கிராம், கொழுப்பு அதே 70 கிராம். 70ஐ 92ஆல் வகுத்தால் 76 சதவீதம். ஒன்றுமே சேர்க்காமல் இரண்டாம் தரச் சோப்பு முதல் தரத்தின் எண்ணைத் தொட்டுவிட்டது. சோப்பு உறைகளில் 'பொதி செய்தபோது நிகர எடை' என்று போடுவதற்கும் இந்த ஆவியாதல்தான் காரணம். பழைய கட்டி கெட்டியாக இருக்கும், மெதுவாகக் கரையும், அதனால் கையிருப்பு வைத்துப் பயன்படுத்துவது சிக்கனம்தான். ஆனால் அது தோலுக்கு மென்மையாக மாறிவிடவில்லை.

கிளிசரின் போனால் எண் ஏறும்

வீட்டில் தேங்காய் எண்ணெய் சோப்பு செய்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வியும் டி.எஃப்.எம். எவ்வளவு என்பதுதான். அதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு, 5 சதவீத எண்ணெய் சோப்பாக மாறாமல் மிஞ்சும்படி, ஏறக்குறைய 174 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படும். அதைக் கரைக்க ஊற்றிய தண்ணீரில் பெரும்பகுதி, கட்டியைச் சில வாரம் காயவைக்கும்போது போய்விடும். 150 கிராம் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடை 1,324 கிராம். எண்ணெயின் எடையில் கொழுப்பு அமிலத்தின் பங்கு 94 சதவீதம், அதாவது 940 கிராம். வகுத்தால் டி.எஃப்.எம். 71 வருகிறது. சுத்தமான எண்ணெய், ஒரு துளி டால்க் இல்லை, இருந்தும் 76 வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், எண்ணெய் சோப்பாக மாறும்போது கூடவே கிளிசரின் பிறக்கிறது. இந்தக் கட்டியில் அது 130 கிராம் அளவுக்கு இருக்கும், எடையில் பத்தில் ஒரு பங்கு. கையில் செய்யும் சோப்பில் அது அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. பெரிய ஆலைகளில் கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்கிறார்கள், மருந்துக்கும் உணவுக்கும் அதற்கு நல்ல விலை. நம் கட்டியிலிருந்தும் அந்த 130 கிராமை எடுத்துவிட்டால் எடை 1,194 ஆகும், டி.எஃப்.எம். 79 ஆகிவிடும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருளை வெளியே எடுத்ததும் மதிப்பெண் கூடுகிறது! கண்ணாடி மாதிரி தெரியும் கிளிசரின் சோப்புகளின் எண் குறைவாக இருப்பதும் இதனால்தான். கிளிசரின், சர்க்கரை, சார்பிட்டால் போன்றவை சேர்ந்தால்தான் அந்தத் தெளிவு வரும். அவை எடையைப் பிடிக்கும், கொழுப்புக் கணக்கில் வராது.

அப்படியானால் 71 எண்ணுள்ள தேங்காய் எண்ணெய் சோப்பு தோலுக்கு இதமானதா? அதுவும் இல்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பாதிக்குக் கிட்டத்தட்ட லாரிக் அமிலம். அது சிறிய மூலக்கூறு, சட்டென்று கரையும், நுரை பொங்கும், அழுக்கை நன்றாக எடுக்கும், தோலின் மேலடுக்குக்குள்ளும் சுலபமாக நுழைந்து அங்கிருக்கும் இயற்கைக் கொழுப்பையும் சேர்த்தே எடுத்துவிடும். பாமாயிலிலும் மாட்டுக் கொழுப்பிலும் அதிகமாக உள்ள பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்களின் சோப்பு கெட்டியானது, நுரை குறைவு, உறுத்தலும் குறைவு. ஆலைச் சோப்புகளில் பொதுவாக நாலு பங்கு பாமாயில் வகைக்கு ஒரு பங்கு தேங்காய் அல்லது பனைக்கொட்டை எண்ணெய் என்ற அளவில் கலப்பதற்கு நுரை, கெட்டித்தன்மை, மென்மை மூன்றையும் ஒரு இடத்தில் நிறுத்துவதே காரணம். லாரிக் பங்கை இரண்டு மடங்காக்கினாலும் டி.எஃப்.எம். அதே 76ஆக இருக்கலாம். எண் மாறாது, தோல் கண்டுபிடித்துவிடும்.

தேங்காய் எண்ணெயைத் தோலில் தடவினால் இதமாக இருக்கிறதே என்று கேட்கலாம். எண்ணெயாக இருக்கும்வரை அது எண்ணெய். காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகிவிட்டால் அது வேறு பொருள்.

சோப்பே இல்லாத கட்டி

இப்போது மருத்துவர் எழுதிக் கொடுத்த அந்த பேதிங் பாருக்கு வருவோம். அதில் வேலை செய்யும் முக்கியப் பொருள் பெரும்பாலும் சோடியம் லாராயில் ஐசெத்தியோனேட் அல்லது சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்று இருக்கும். இவையும் தேங்காய் வகைக் கொழுப்பிலிருந்து வருபவைதான். ஆனால் காஸ்டிக் சேர்த்துக் காய்ச்சிய சோப்பு இல்லை. மூலக்கூறின் தலைப்பகுதி பெரியது, அதனால் தோலின் புரதத்தோடு அவ்வளவு எளிதில் ஒட்டாது. காரத்தன்மையும் தேவைப்படாது. இந்த வகைக் கட்டிகளை 'சிண்டெட்' என்பார்கள்.

1979இல் பீட்டர் ஃப்ராஷ், ஆல்பர்ட் கிளிக்மன் என்ற இரு தோல் ஆய்வாளர்கள் சோப்புகளின் உறுத்தலை அளக்க ஒரு முறையைக் கொண்டு வந்தார்கள். சோப்பு 8 சதவீதம் கரைந்த நீரைச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முன்னங்கையில் ஒட்டி, ஐந்து நாள் தொடர்ந்து செய்து, சிவப்பு, செதில், வெடிப்பு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். அமெரிக்கக் கடைகளில் கிடைத்த 18 கட்டிகளைச் சோதித்ததில் மிகக் குறைவாக உறுத்தியது டவ். அது ஐசெத்தியோனேட் கட்டி. தினசரிக் குளியலில் யாரும் சோப்பை ஒரு நாள் முழுக்க ஒட்டி வைத்துக்கொள்வதில்லை, எனவே இது வேண்டுமென்றே கடுமையாக்கிய சோதனை. ஆனால் கட்டிகளுக்கிடையே வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அது தெளிவாகக் காட்டியது. அந்த வித்தியாசத்தை டி.எஃப்.எம்.மை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும்.

அதற்காகப் பேதிங் பார் என்று போட்ட எல்லாமே சிண்டெட் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஒரே பெயருக்குக் கீழே இரண்டு வேறு வேறு சரக்கு விற்கிறது. ஒன்று மேலே சொன்ன ஐசெத்தியோனேட் கட்டி. மற்றொன்று சாதாரணச் சோப்பைக் குறைத்து, டால்க்கோ மாவோ அதிகமாக்கி, நுரைக்காகச் சோடியம் லாரில் சல்ஃபேட் போல எதையாவது சேர்த்த மலிவுக் கட்டி. இந்த இரண்டாவது வகையில் சோப்பின் காரமும் இருக்கிறது, கூடவே இன்னொரு உறுத்தலும் சேர்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது உட்பொருள் பட்டியலில் வரும் முதல் பெயர்தான்.

காரத்தன்மை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்மையான சோப்பு எதுவாக இருந்தாலும் தண்ணீரில் கரைத்தால் பி.எச். 9 முதல் 10.5 வரை இருக்கும். கைவினைச் சோப்பு, மூலிகைச் சோப்பு, குழந்தைச் சோப்பு எதற்கும் இதில் விலக்கில்லை. பி.எச். குறைந்தால் அது சோப்பாகவே நிற்காது, கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். நம் தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டிய மெல்லிய அமிலத்தன்மை கொண்டது. சோப்பு போட்டதும் அது ஏறுகிறது, நல்ல தோலில் சில மணி நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. எக்ஸிமா உள்ளவர்களுக்கு ஏற்கெனவே அது ஏறித்தான் இருக்கும். ஏறிய நிலையில் தோலின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் புரதங்களை வெட்டும் நொதிகள் வேகமாக வேலை செய்யும், கொழுப்பு அரணைக் கட்டும் நொதிகள் மந்தமாகும். அதனால்தான் பலருக்குப் பிரச்சினையே இல்லாத ஒரு சோப்பு அவர்களுக்கு மட்டும் தாங்குவதில்லை.

2021 ஜனவரியில் இந்த பி.எச். விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. 5.5 பி.எச். என்று தன் கட்டியை விற்கும் செபாமெட், ஹிந்துஸ்தான் யூனிலீவரின் லக்ஸ், பியர்ஸ், டவ் ஆகியவற்றின் பி.எச். எண்களைப் போட்டு விளம்பரம் செய்தது. துணி துவைக்கும் ரின் கட்டியையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது. வழக்கின் இடைக்கால உத்தரவில், ரின் ஒப்பீடு இல்லாமல் மற்றவற்றைத் தொடர நீதிமன்றம் அனுமதித்தது. அந்த விளம்பரம் பலரை முதன்முதலாகச் சோப்பின் பி.எச். பற்றி யோசிக்க வைத்தது நல்ல விஷயம். ஆனால் பி.எச். மட்டுமே மென்மையைத் தீர்மானிக்காது. சோடியம் லாரில் சல்ஃபேட்டை 5.5இல் வைத்தாலும் அது தோலை உறுத்தும். டவ் 7இல் இருந்துகொண்டே மென்மையாக இருப்பதற்கு அதில் இருக்கும் பொருள் காரணம். முதலில் எது கழுவுகிறது என்று பாருங்கள், அப்புறம் எந்த பி.எச்.இல் கழுவுகிறது என்று பாருங்கள்.

தேனும் பாலும் எவ்வளவு தங்கும்?

உறையின் முன்பக்கம் கற்றாழை, தேன், பாதாம், ஷியா வெண்ணெய் என்று எது பெரிய எழுத்தில் இருந்தாலும், பின்பக்கப் பட்டியலில் அது எந்த இடத்தில் வருகிறது என்று தேடுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்கு வரிசையில் போட வேண்டும், அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். சோப்பில் வாசனைத் திரவியம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். எனவே 'பெர்ஃப்யூம்' என்ற சொல்லுக்குப் பின்னால் தேன் வந்தால், அது பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

100 கிராம் கட்டி ஒருவருக்கு 25 குளியல் வருகிறது என்றால் ஒரு குளியலுக்கு 4 கிராம். அதில் அரை சதவீதத் தேன் என்றால் 20 மில்லிகிராம். அது தண்ணீரில் கரையும் பொருள், உடம்பில் அரை நிமிடம் இருந்துவிட்டு நுரையோடு சாக்கடைக்குப் போய்விடும். குளித்துத் துடைத்ததும் 5 சதவீதக் கிளிசரின் உள்ள லோஷனை 10 கிராம் தடவினால் 500 மில்லிகிராம் கிளிசரின் தோலிலேயே தங்குகிறது. கழுவிவிடும் பொருளில் ஈரப்பதம் தரும் சேர்க்கையைத் தேடிக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, அந்தக் காசை லோஷனுக்கோ சாதாரண வாசலினுக்கோ கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டியரிக் அமிலம் போல, சோப்பாக மாறாத கொழுப்பு அமிலம் சில சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிலைமை மாறும். அது நுரையைக் க்ரீம் மாதிரி ஆக்கும், அழுக்கு நீக்கியின் கடுமையைத் தணிக்கும், தண்ணீரில் கரையாததால் கொஞ்சம் தோலிலும் ஒட்டும். சிண்டெட் கட்டிகள் 'மாயிஸ்சரைசிங் க்ரீம் உள்ளது' என்று சொல்வதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. இது வெறும் விளம்பரம் இல்லை. கையில் செய்யும் சோப்பில் 5 சதவீத எண்ணெயை மிச்சம் விடுவதும் இதே காரணத்துக்காகத்தான், ஆனால் அங்கே காரத்தன்மை அப்படியே இருக்கிறது.

சென்சிடிவ் தோலுக்கான வாசகங்களைப் பொறுத்தவரை, 'டெர்மட்டாலஜிகலி டெஸ்டட்' என்றால் தோல் மருத்துவர் மேற்பார்வையில் ஏதோ ஒரு சோதனை நடந்தது என்று பொருள். எத்தனை பேரிடம், எப்படிப்பட்ட தோலில், என்ன முடிவு வந்தது என்பதை அந்த இரண்டு சொல் சொல்லாது. ஒவ்வாமை குறைவு என்று சொல்லும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு வரையறை கொடுக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1975இல் ஒரு விதி கொண்டு வந்தது. மனிதர்களிடம் ஒப்பீட்டுச் சோதனை செய்து காட்டினால்தான் அந்தச் சொல்லைப் போடலாம் என்றது விதி. அல்மே, கிளினிக் ஆகிய நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன, 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அங்கே அந்தச் சொல்லுக்கு இன்றும் சட்டபூர்வமான பொருள் இல்லை. 'கிருமிநாசினி' சோப்பு சென்சிடிவ் தோலுக்குக் கூடுதலாக எதையும் தராது. சாதாரணச் சோப்பைவிட மேல் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருள்களை அதே நிர்வாகம் 2016இல் கழுவும் பொருள்களிலிருந்து விலக்கியது.

நான் உண்மையிலேயே மதிக்கும் ஒரே வாசகம் 'ஃப்ராகரன்ஸ் ஃப்ரீ', அதாவது வாசனைப் பொருள் எதுவும் சேர்க்காதது. சோப்பால் வரும் ஒவ்வாமையில் பெரும் பங்கு வாசனைப் பொருள்களுக்கு உண்டு. சந்தனம், மல்லிகை, எலுமிச்சை என்று பெயர் இயற்கையாக இருந்தாலும் தோலுக்கு அந்தப் பேதம் தெரியாது. எலுமிச்சை, லாவெண்டர் எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் காற்றுப்பட்டு ஆக்ஸிகரணம் அடைந்தால் நல்ல ஒவ்வாமைப் பொருள்களாகிவிடும். 'அன்சென்டட்' என்பது வேறு. மூலப்பொருளின் வாடையை மறைக்க அதிலும் வாசனை சேர்த்திருக்கலாம். குழந்தைச் சோப்பு என்று போட்டிருப்பதாலேயே வாசனை இல்லை என்றும் நம்ப வேண்டாம், முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடையில் மூன்று கட்டி

சரி, இதையெல்லாம் வைத்து மூன்று உறைகளைப் படிப்போம். முதல் கட்டியில் 'டாய்லெட் சோப், கிரேடு 1, டி.எஃப்.எம். 76%' என்று இருக்கிறது. உட்பொருள்: சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட், தண்ணீர், பெர்ஃப்யூம், கிளிசரின், உப்பு, டைட்டானியம் டை ஆக்சைடு. முதல் இரண்டு பெயரும் பாமாயில், பனைக்கொட்டை எண்ணெய் ஆகியவற்றின் சோப்பு. நேர்மையான நல்ல சோப்பு. வலுவான தோலுக்குத் தாராளமாகப் போடலாம், நாள் பிடிக்கும். கிளிசரின் வாசனைக்குப் பின்னால் வருவதால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

இரண்டாவது 'பேதிங் பார்'. உட்பொருள் அதே சோடியம் பால்மேட்டில் ஆரம்பித்து, உடனே டால்க், தண்ணீர், சோடியம் சிலிக்கேட், அப்புறம் சோடியம் லாரில் சல்ஃபேட், பெர்ஃப்யூம், கடைசியில் கற்றாழைச் சாறு. முன்பக்கத்தில் கற்றாழைப் படம் பெரிதாக இருக்கிறது. விலை குறைவு என்பதைத் தவிர இதை எடுக்கக் காரணம் இல்லை, சென்சிடிவ் தோலுக்கு மூன்றில் இதுதான் மோசம்.

மூன்றாவதும் 'பேதிங் பார்'தான். சோடியம் லாராயில் ஐசெத்தியோனேட், ஸ்டியரிக் அமிலம், லாரிக் அமிலம், சோடியம் ஐசெத்தியோனேட், தண்ணீர் என்று போகிறது, வாசனை சேர்க்கவில்லை. டி.எஃப்.எம். பட்டியலில் இதற்கு நல்ல இடம் கிடைக்காது. விலையும் கூட, ஈரத்தில் கிடந்தால் சீக்கிரம் இளகிப் போகும், அதனால் தண்ணீர் வடியும் பெட்டி அவசியம். ஆனால் அரிப்பும் வறட்சியும் உள்ள தோலுக்கு நான் கை காட்டுவது இதைத்தான்.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் மூன்றாவது கட்டிக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. போர் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளியின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் படிகிறதே, அதுதான். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள தண்ணீர் ஒரு லிட்டர், ஒன்றரை கிராமுக்கு மேல் சோப்பை இப்படி வீணாக்கும். நுரை வரவில்லை என்று மறுபடி மறுபடி தேய்ப்போம், பிசுக்கு தோலிலும் படிந்து நிற்கும். முழங்கால், மோதிரத்தின் அடி, விரலிடுக்கு ஆகிய இடங்களில் எரிச்சல் கூடுதலாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஐசெத்தியோனேட் இப்படித் திரிவதில்லை. சாதாரணச் சோப்பே போடுகிறவர்கள் கடைசி இரண்டு செம்பு மட்டும் நல்ல தண்ணீரில் ஊற்றிக்கொண்டாலும் வித்தியாசம் தெரியும். அக்குள், இடுப்பு, பாதம் தவிர மற்ற இடங்களுக்குத் தினமும் சோப்பு தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் கட்டியை உடம்பு முழுக்கப் போடுவதற்கு முன்னால் முழங்கை மடிப்பிலோ முன்னங்கையின் உட்புறத்திலோ ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் நுரையைத் தேய்த்து, வழக்கமாகக் குளிக்கும் நேரம் விட்டுக் கழுவுங்கள். காலை, மாலை இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் வரை. துடைத்துப் பத்து நிமிடத்தில் தோல் இழுத்துப் பிடிப்பது, மெல்லிய செதில், இலேசான எரிச்சல் என்றால் அது உறுத்தல். மென்மையான கட்டிக்கு மாறி லோஷன் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சோப்பு பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்போடு தடித்து, பட்ட இடத்தைத் தாண்டியும் பரவினால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது எவ்வளவு மென்மையான கட்டிக்கு மாறினாலும் அதே வாசனைப் பொருள் இருந்தால் மறுபடி வரும். எது என்று கண்டுபிடிக்கத் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும். போகும்போது சோப்பின் உறையையும் எடுத்துப் போங்கள், அவர் முதலில் கேட்பது அந்த உட்பொருள் பட்டியலைத்தான்.